மளிகைப் பட்டியலில் ஒரு மட்டையாளர்

சென்னையில் என்னிடம் ஜப்பானிய மொழி படித்த பெண் ஒருத்தி, இப்போது சைதாமா மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணியில் இருக்கிறாள். ஒரு மாலை அவளுடைய சக ஊழியர் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். "ஏதாவது வேண்டுமென்றால் எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவள் வேலைக்கு நடுவே அவசரமாகத் தட்டி அனுப்பிய செய்தி இது:

```
すみません、スッパーで かてきてください。
バッター     1こ
シャンプ     2ほん
トイレトペーパー 1つ
しょゆ      1ぽん
とふ       2ちょう
こうり      1ふくろ
```

"மன்னிக்கவும், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வாருங்கள்" என்பது முதல் வரி. கீழே வெண்ணெய், ஷாம்பு, கழிவறைத் தாள், சோயா சாஸ், டோஃபு, பனிக்கட்டி. அந்த ஊழியர் இடத்தையும் தேவையையும் வைத்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். வெண்ணெய்க்கு மட்டும் "இது பேஸ்பால் விளையாடுகிறவரா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அன்றிரவே செய்தியை எனக்கு அனுப்பி, "சென்செய், எங்கெங்கே தப்பு, ஏன் தப்பு, இரண்டும் சொல்லுங்கள்" என்று கேட்டாள். அவள் அனுமதியோடு அதை இங்கே எடுத்து வைக்கிறேன். நீட்டொலியையும் ஒற்றையும் இவ்வளவு துல்லியமாகப் பிரிக்கத் தெரிந்த தமிழ்க் காது, ஜப்பானிய மொழியில் ஏன் அந்த இரண்டிலேயே தடுமாறுகிறது என்பதற்கு விடை இந்த ஏழு வரிக்குள் இருக்கிறது.

ஜப்பானிய மொழி தன் ஒலிகளைத் தட்டுகளாக எண்ணும். அந்த அளவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஹகு'. கை தட்டுவதன் ஒரு தட்டு என்று பொருள். நம் மாத்திரைக்கு நெருங்கிய உறவு. ஹைக்கூவில் ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணுவதும் இந்தத் தட்டுகளைத்தான். குறில் ஒரு தட்டு, நெடில் இரண்டு தட்டு. இதுவரை நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடே இல்லை. வேறுபாடு ஒற்றில் வருகிறது. நம் இலக்கணம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் தருகிறது. அவர்கள் முழுத் தட்டு தருகிறார்கள். வல்லெழுத்து இரட்டிக்கும் இடத்தில், முதல் பாதிக்கென்று っ என்ற எழுத்தைச் சிறிதாக எழுதுவார்கள். பெரிதாக எழுதினால் つ, 'ட்சு' என்று ஒலிக்கும். சிறிதாக எழுதினால் அதற்கென்று ஒலியே கிடையாது. அடுத்த எழுத்துக்கு வாயை மூடி, ஒரு தட்டு நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு உண்மையானது என்பதை ஜப்பானியக் குழந்தைகளின் படிக்கட்டு விளையாட்டில் பார்க்கலாம். கல், கத்தரி, தாள் போட்டு ஜெயித்தவர் படியேற வேண்டும். தாள் காட்டி ஜெயித்தால் 'பைனாப்புரு', அதாவது அன்னாசி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி: பா, இ, நா, ட்சு, பு, ரு. ஆறு படி. நடுவில் இருக்கும் சிறிய ッ எழுத்துக்கும் குழந்தை ஒரு முழுப் படி ஏறுகிறது. விளையாட்டில் அதைப் பெரிய எழுத்தாகவே உரக்கச் சொல்லிவிடுவார்கள்.

இனி வெண்ணெய்க்கு வருவோம். ஜப்பானியத்தில் வெண்ணெய் バター. பா, தா, கடைசியில் ஒரு நீட்டல், ஆக மூன்று தட்டு. இவள் எழுதியது バッター, நான்கு தட்டு. பேஸ்பாலில் மட்டை பிடித்து நிற்பவருக்கு அதுதான் பெயர். ஒரு சிறிய எழுத்து கூடியதும் வெண்ணெய் மட்டையாளராகிவிட்டது.

அந்தக் கூடுதல் எழுத்து எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து. நாம் 'பட்டர்' என்றுதான் எழுதுகிறோம், இரண்டு டகரம் போட்டு. ஆங்கிலச் சொல்லில் அங்கே ஒலி இரட்டிப்பது கிடையாது. ஆனால் தமிழில் 'படர்' என்று எழுதினால் டகரம் மெலிந்து, கொடி படர்வதுபோல ஒலிக்கும். இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினம் தமிழில் வன்மையாக நிற்பதில்லை. பகல் என்பதில் உள்ள ககரத்தையும் பக்கம் என்பதில் உள்ள ககரத்தையும் சொல்லிப் பாருங்கள். ஆகவே வேற்றுமொழிச் சொல்லின் நடுவே வல்லொலி வந்தால் அதைக் காப்பாற்ற நாம் ஒற்றைச் சேர்க்கிறோம். நமக்கு இரட்டிப்பு என்பது வன்மையின் அடையாளமாகவும் வேலை செய்கிறது. ஜப்பானியத்தில் அதற்கு அந்த வேலை கிடையாது, அங்கே அது நேரத்தின் அடையாளம் மட்டுமே. ஒற்றைக் ககரமும் தகரமும் சொல்லின் நடுவில் இரட்டிக்காமலே வன்மையாக நிற்கும். அதற்கு மெலிந்த ஒலி வேண்டுமென்றால் தனிக் குறி போட்டு வேறு எழுத்தாக எழுதிவிடுவார்கள்.

ஜப்பானிய ஊர்ப் பெயர்களை நாம் எழுதும் விதத்திலேயே இந்தப் பழக்கம் தெரிகிறது. ஒசாக்கா என்று எழுதுகிறோம். ஜப்பானியர் சொல்வது ஓ-ச-க: முதலில் நெடில், அப்புறம் இரண்டு குறில், ஒற்றே கிடையாது. நம் எழுத்தில் நெடில் குறிலாகி, குறில் இரண்டும் நெடிலாகி, இல்லாத ககர ஒற்று நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. டோக்கியோவும் அப்படித்தான். அங்கேயும் அந்த ககர ஒற்று நம்முடையது.

இதைவிடத் தெளிவான சான்று நம் சட்டையில் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் பொத்தானை நமக்கும் கொடுத்தார்கள், ஜப்பானியருக்கும் கொடுத்தார்கள். நாம் 'பொத்தான்' ஆக்கினோம், தகரத்தை இரட்டித்து ஆகாரத்தை நீட்டினோம். அவர்கள் ボタン ஆக்கினார்கள்: பொ, த, ன். மூன்று தட்டு, இரட்டிப்பும் இல்லை, நீட்டலும் இல்லை. ஒரே விருந்தாளி இரண்டு வீட்டிலும் அந்தந்த வீட்டு உடையைப் போட்டுக்கொண்டது. ஜப்பானியம் கற்கும் தமிழர், நம் வீட்டு உடையோடு அந்த வீட்டுக்குள் நுழைவதுதான் என் மாணவியின் முதல் வகைப் பிழை.

பட்டியலின் முதல் வரியில் இருக்கும் スッパー இதே குடும்பம். நாம் 'சூப்பர்' என்று பகரத்தை இரட்டிக்கிறோம், இவள் அந்தப் பகரத்தைத் தன்னோடு கொண்டுபோனாள். சரியான வடிவம் スーパー. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு வடிவத்துக்கும் தட்டு நான்குதான். எண்ணிப் பார்த்தால் பிழை பிடிபடாது. ஒன்றில் இரண்டாவது தட்டு ஊகாரத்தின் நீட்டல், குரல் தொடர்ந்து ஓடுகிறது. இன்னொன்றில் அதே தட்டு மௌனம், உதடு மூடியிருக்கிறது. எனவே எத்தனை தட்டு என்று எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் குரல் இருக்கிறதா அடைப்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

இப்போது கழிவறைத் தாளைப் பாருங்கள். வெண்ணெயில் வேண்டாத இடத்தில் ッ போட்டவள், இங்கே வேண்டிய இடத்தில் விட்டுவிட்டாள். சரியான வடிவம் トイレットペーパー, ஒன்பது தட்டு. இவள் எழுதியதில் எட்டு. இதற்கும் காரணம் தமிழ்தான். 'டாய்லெட்' என்று எழுதும்போது கடைசியில் ஒரே ஒரு டகர ஒற்று. சொல்லின் இறுதியில் நமக்கு இரட்டிக்கத் தேவையில்லை. ஜப்பானியத்திலோ ன் தவிர வேறு ஒற்றில் சொல் முடியாது, பின்னால் ஓர் உயிர் வந்தே ஆக வேண்டும். டகர ஒற்றில் முடியும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் அவர்கள் 'தொ' சேர்க்கிறார்கள். அதற்கு முன் குறுகிய உயிர் இருந்தால், அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு ッ நுழையும். டிக்கெட் チケット, பாக்கெட் ポケット, கெட்சப் ケチャップ.

இந்த மூன்று சொல்லையும் தமிழோடு அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லி அவளுக்கு எழுதினேன். டிக்கெட்டில் நாம் இரட்டிப்பது நடுவில் உள்ள ககரத்தை. அவர்கள் ககரத்தைத் தனியாக விட்டுவிட்டு இறுதித் தகரத்தை இரட்டிக்கிறார்கள். பாக்கெட்டிலும் அதே கதை. நாம் இரட்டிக்கும் இடத்தில் அவர்கள் இரட்டிப்பதில்லை, நாம் இரட்டிக்காத இடத்தில் அவர்கள் இரட்டிக்கிறார்கள். இந்த ஒரு குறிப்பு என் வகுப்பில் பாதிப் பிழைகளைக் குறைத்திருக்கிறது.

இதை விதியென்று சொல்லிவிட முடியாது. バター என்று வெண்ணெயில் இரட்டிக்காதவர்கள், காகிதம் வெட்டும் கத்தியை カッター என்று நடுவிலேயே இரட்டிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. பிஸ்கட் வகையான குக்கியும் நடுவில் இரட்டித்து クッキー ஆகிறது. ஒவ்வொரு சொல்லும் வந்த காலமும் வந்த வழியும் வேறு, வந்தபோது எப்படிப் பதிந்ததோ அப்படியே நின்றுவிட்டது. அகராதிதான் கடைசித் தீர்ப்பு. ஜப்பானியரே கைப்பையை バッグ என்று எழுதிவிட்டு バック என்று சொல்வதுண்டு, கட்டிலை ベッド என்று எழுதிவிட்டு ベット என்பதுண்டு. அவர்களுடைய பூர்வீகச் சொற்களில் மெல்லிய ஒலிகள் இரட்டிப்பதில்லை, அதனால் நாக்கு வன்மைக்குச் சாய்கிறது. அந்தத் தடுமாற்றம் வேறு, நம்முடையது வேறு.

அதே வரியில் ペーパー என்பதை மட்டும் அவள் பிசகாமல் எழுதியிருந்தாள். 'பேப்பர்' என்ற தமிழ் எழுத்தின்படி போயிருந்தால் அங்கேயும் ッ வந்திருக்கும். ペッパー என்று எழுதியிருந்தால் அது மிளகு. எப்படித் தப்பினாள் என்று கேட்டேன். இல்லத்தில் கை துடைக்கும் தாள் உறையின் மேல் அந்தச் சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது, தினமும் பத்துத் தடவை கண்ணில் படுகிறது என்றாள். கண்ணால் பார்த்த சொல் சரியாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தமிழ் வழியாக ஜப்பானியமாக்கிய சொற்கள் பிசகியிருக்கின்றன.

ஷாம்பு நம் நாட்டுக்காரச் சொல்தான். அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், உலகம் சுற்றிவந்தது. நாம் அதைக் குற்றியலுகரம்போலக் குறுக்கி முடிக்கிறோம். ஜப்பானியத்தில் கடைசி உகரம் நீண்டாக வேண்டும்: シャンプー. இங்கே எண்ணுவதிலும் ஒரு குழி உண்டு. சிறிதாக எழுதும் ャ தனித் தட்டு ஆகாது, முன்னால் இருக்கும் எழுத்தோடு கலந்து 'ஷா' என்ற ஓசையின் ஒரே தட்டாகிவிடும். சிறிதாக எழுதும் ッ மட்டும் தனித் தட்டு. இரண்டும் ஒரே அளவில் இருப்பதால், புதிதாகக் கற்பவர்கள் ஒன்று இரண்டையும் எண்ணுவார்கள், இல்லையென்றால் இரண்டையும் விடுவார்கள். ஷ, ம், பு, ஊ என்று நான்கு தட்டு என்பதே சரி. நடுவில் இருக்கும் ன் எழுத்துக்கும் ஒரு முழுத் தட்டு உண்டு. நாம் அதற்கு அரை மாத்திரைதான் கொடுத்துப் பழகியிருக்கிறோம்.

இறுதி நீட்டலை விடுவதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. எந்திரங்களின் மேல் プリンタ, コンピュータ என்று நீட்டுக்கோடு இல்லாமல் அச்சாகியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள், கடைசிக் கோடு விருப்பம்போல என்று நினைத்துக்கொண்டாள். பாதி உண்மை. 1991 ஜூன் 28 அன்று ஜப்பானிய அமைச்சரவை வெளியிட்ட அயற்சொல் எழுத்துமுறை அறிவிப்பு, ஆங்கிலத்தில் ரகர எழுத்தோடு முடியும் இத்தகைய சொற்களுக்கு நீட்டுக்கோடு போடுவதே பொது முறை என்கிறது. வழக்கத்தில் விட்டுவிட்ட சொற்களில் விடலாம் என்றும் சொல்கிறது. பொறியியல் துறையில் அந்த வழக்கம் வெகுகாலம் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் ஜப்பானியப் பிரிவு 2008இல்தான் தன் மென்பொருள்களில் கோடு போடும் முறைக்கு மாறியது. எனவே கணினிக்குக் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிப்பவர் ஏற்பார். வெண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

பட்டியலின் கீழ்ப்பாதி அயற்சொல் அல்ல, ஜப்பானியத்தின் சொந்தச் சரக்கு. இங்கே அவளைக் கவிழ்த்தது தமிழ் அல்ல, ரோமன் எழுத்து. சோயா சாஸ் புட்டியிலும் டோஃபு உறையிலும் ஏற்றுமதிக்கென்று shoyu, tofu என்று அச்சிடுகிறார்கள். நீட்டலைக் காட்டும் மேற்கோட்டை யாரும் போடுவதில்லை. அந்த எழுத்துகளை அப்படியே கைப்பேசியில் தட்டினால் しょゆ, とふ என்று குறிலாகத்தான் வரும். ஜப்பானியத்தில் しょうゆ, とうふ. ஓகார நீட்டலை ஹிரகானாவில் う எழுதிக் காட்ட வேண்டும். முதல் வரியின் かてきて என்பதும் இதே விரல் பிழைதான். வாங்கி என்பது かって. இரட்டை t தட்டாமல் ஒன்றோடு நிறுத்தியதால் かて ஆகிவிட்டது. தனியாக எடுத்தால் அதற்கு 'ஜெயி' என்று பொருள். கத்துவதையும் கட்டுவதையும் நாம் ரோமன் எழுத்தில் எப்படியெல்லாமோ எழுதிப் பழகியவர்கள். t ஒன்றா இரண்டா என்று நம் விரல் கணக்கு வைப்பதில்லை. தட்டும் முறையை அவளுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

```
su-pa-     スーパー
ba-ta-     バター
shanpu-    シャンプー
toiretto   トイレット
katte      かって
shouyu     しょうゆ
toufu      とうふ
koori      こおり
```

நீட்டுக்கோட்டுக்கு இடைக்கோட்டு விசை, சிறிய ッ எழுத்துக்கு அடுத்த மெய்யை இரண்டு முறை. முதலில் ஹிரகானாவில் தோன்றும், பிறகு பரிந்துரையில் கத்தகானாவைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பரிந்துரை வரிசையே நல்ல பரிசோதகர். toufu என்று தட்டியதும் 豆腐 என்ற கான்ஜி முதலிலேயே வந்து நிற்கும். tofu என்று தட்டினால் பொருந்தாத துண்டுகள்தான் வரும். நாம் நினைத்த சொல் வரிசையில் இல்லையென்றால், ஒரு தட்டு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிச்சம் இருப்பது பனிக்கட்டி. こうり என்று எழுதியிருந்தாள். இது காதுப் பிழையே அல்ல. ஓகார நீட்டலுக்கு う என்ற பொது விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த பிழை. பனிக்கட்டி அந்த விதிக்கு விலக்கு: こおり. பழைய எழுத்துமுறையில் அங்கே ほ இருந்தது, ஒலி தேய்ந்தபின் お ஆக எழுதுகிறார்கள். 1986இல் வந்த தற்கால எழுத்துமுறை அறிவிப்பு இத்தகைய சொற்களைத் தனியாக எடுத்துக் காட்டுகிறது. தொலைவு, பெரிது, பல, பத்து, தெரு முதலியவை. தொலைவில் பெரிய பனிக்கட்டி மேல் பல ஓநாய்கள் பத்துப் பத்தாகப் போவதாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி ஜப்பானியக் குழந்தைகள் இவற்றை நினைவில் வைக்கிறார்கள். பேச்சில் இரண்டு எழுத்துமுறைக்கும் ஒரே ஒலி, ஒரே மூன்று தட்டு. எழுத்தில் மட்டும் kouri என்று தட்டினால் 小売, அதாவது சில்லறை வியாபாரம் என்ற சொல் வந்து நிற்கும்.

பாடநூல்களில் நீட்டலுக்கு எப்போதும் தரும் எடுத்துக்காட்டு பீரும் கட்டடமும், ビール, ビル. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அங்கே தடுக்குவார்கள் என்பதால் அந்த இணை எல்லா நூலிலும் இருக்கிறது. என் வகுப்பில் அதில் தடுக்கியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அத்தைக்கும் பாட்டிக்கும் இடையே உள்ள நீட்டலையும் எங்கள் பிள்ளைகள் முதல் நாளே பிடித்துவிடுகிறார்கள். கால், கல் என்று வளர்ந்த காது அது. நமக்கென்று தனியாகப் பயிற்சி எழுதுவதாக இருந்தால் பட்டர், டிக்கெட், ஷாம்பு, ஒசாக்கா என்றுதான் நான் தொடங்குவேன்.

அவள் சொற்களைக் கைதட்டிச் சொல்லிப் பழகினாள். கடைக்குப் போகும்போது அலமாரியில் உள்ள பெயர்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து வந்த பட்டியலில் வெண்ணெய் மூன்று தட்டில் இருந்தது, பனிக்கட்டி お எழுத்தோடு இருந்தது. இல்லத்தில் முதியவர்கள் வண்ணத்தாள் வெட்டி அலங்காரம் செய்யப்போகிறார்களாம், அதற்கு இரண்டு கத்தி வேண்டுமென்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்: カター 2つ. வெண்ணெயைப் பார்த்து எழுதியிருக்கிறாள். "நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறாய்ம்மா, இந்தச் சொல் மட்டும் நான்கு தட்டு" என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கத்தி உறையின் படம் வந்தது, அச்சில் இருந்த சிறிய ッ எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு.